ஒரே கட்டடக் கலைஞர், ஊருக்கு ஒரு வேஷம்: மலாயா ரயில் நிலையங்கள் வழியே

முதல் நாள்: கோலாலம்பூர்

கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே பழைய கோலாலம்பூர் நிலையம். வழக்கமாக எல்லோரும் சாலைப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் ரயிலில் வந்து பிளாட்பாரத்தில் இறங்கி, உள்ளேயிருந்து வெளியே நடந்தேன். காலனியக் காலத்து ரயில் நிலையங்களில் ஐரோப்பாவும் உள்ளூரும் எப்படிக் கலந்தன என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பயணம் முடிவதற்குள் அதற்கு ஒரு வரைவு தேறிவிட வேண்டும். ஆகவே அன்றன்று பார்த்ததை அன்றன்றே இங்கே எழுதிப் போடுகிறேன்.

பிளாட்பாரத்தில் நிற்கும்போது இது இங்கிலாந்து. இரும்புத் தூண்கள், அவற்றின் மேல் இரும்புச் சட்டங்கள், தண்டவாளங்களையும் சேர்த்து மூடுகிற பெரிய கூரை. நீராவி இன்ஜின் காலத்தில் பிரிட்டனில் தேறிய ஏற்பாடு இது. புகை மேலே ஏற உயரம் வேண்டும். பயணிகளும் பெட்டிகளும் நகர இடம் வேண்டும். உறுப்பு உறுப்பாகச் செய்து கொண்டுவந்து பூட்ட முடிய வேண்டும். சென்னை எழும்பூரில் கூரைக்கடியில் நின்றாலும் இதே உணர்வுதான் வரும். இந்தப் பகுதியில் யாரும் உள்ளூர்ச் சாயல் எதையும் சேர்க்க முயலவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இங்கே கட்டடத்தை யாரும் பார்ப்பதில்லை, ரயிலைத்தான் பார்க்கிறார்கள்.

டிக்கெட் கூடம் தாண்டி வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் வேறு உலகம். வெள்ளைச் சுவர், வரிசை வரிசையாக வளைவுகள். சில குதிரை லாட வடிவில் அடியில் குறுகுகின்றன. சில நெளிந்து போய் நுனியில் கூராகின்றன. மூலைகளிலும் முகப்பு நெடுகவும் சத்ரிகள், அதாவது தூண்கள் மேல் உட்கார்ந்த சின்னச் சின்னக் குவிமாட மண்டபங்கள். 1910-ல் திறக்கப்பட்ட நிலையம். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக், லிவர்பூல்காரர், இங்கே பொதுப்பணித் துறையில் இருந்தவர். இந்தப் பயணம் முழுக்க அவர் பின்னால்தான் போகிறேன்.

முகப்புக்கும் கூரைக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு உண்டு. மேல்மாடிகளில் ஒரு ஹோட்டல் இருந்தது. முன்னால் ஹோட்டலும் அலுவலகமும், பின்னால் இரும்புக் கூரை என்பது லண்டன் செயின்ட் பாங்கரஸ் நிலையம் போன்ற பெரிய பிரிட்டிஷ் நிலையங்களின் அமைப்பு. ஆக, எது எங்கே இருக்க வேண்டும் என்கிற தள அமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. மாறியது வெளித்தோல் மட்டும்.

சரி, அந்தத் தோலாவது உள்ளூர்த் தோலா? மலாய்க்காரர்களின் மரபு வீடு மரத்தாலானது. கட்டைக் கால்கள் மேல் தரைக்கு மேலே நிற்கும். அத்தாப்பு ஓலை வேய்ந்த செங்குத்துக் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும். காற்று போக மரச் செதுக்குப் பலகைகள் இருக்கும். பழைய பள்ளிவாசல்களுக்குக்கூடக் குவிமாடம் கிடையாது. அடுக்கடுக்காக ஏறும் பிரமிடுக் கூரைதான். அதில் ஒன்றுகூட இந்த நிலையத்தில் இல்லை. சத்ரி வட இந்தியாவிலிருந்து வந்தது, மூரிஷ் என்று சொல்லப்படும் குதிரை லாட வளைவு ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலுமிருந்து. கலப்பு இருக்கிறது, ஆனால் மலாய் இல்லை.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "தம்பி, இந்தக் கூரை பனி தாங்கும் தெரியுமா?" என்றார். பிரிட்டிஷ் ரயில்வே விதிப்படி கூரை இத்தனை அடி பனியைத் தாங்க வேண்டுமாம். முதலில் போட்ட வரைபடம் அதற்குத் தேறாததால் கட்டுவதே தாமதமானதாம். கோலாலம்பூரில் இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. எனக்குச் சந்தேகம்தான். பனிக்காக இல்லாவிட்டாலும் காற்றுக்காகக் கூரையைக் கெட்டியாகத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்பது புரிகிறது. அளவுகோல் வேறு ஊருடையது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் நாள்: கோலாலம்பூர், ஆற்றங்கரை

நேற்றைய கேள்வியோடு காலையில் ஜாமெக் பள்ளிவாசலுக்குப் போனேன். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடம். செங்கல்லும் வெள்ளைப் பூச்சுமாகப் பட்டை பட்டையாக ஓடும் சுவர், மூன்று குவிமாடங்கள், இரண்டு மினார்கள். 1909 டிசம்பரில் சிலாங்கூர் சுல்தான் திறந்துவைத்தார். வரைந்தவர் யார் தெரியுமா? அதே ஹப்பாக். நிலையம் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால். இதன் மினார்களின் உச்சியைப் பாருங்கள், அங்கேயும் சத்ரி உட்கார்ந்திருக்கிறது. ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே நேரத்தில், தொழுகைக்கு ஒன்றும் டிக்கெட் கொடுக்க ஒன்றும் வரைந்து, இரண்டுக்கும் ஒரே தலைப்பாகையைக் கட்டிவிட்டிருக்கிறார்.

இதன் வேர் இன்னும் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. ஐந்து நிமிட நடையில் சுல்தான் அப்துல் சமத் கட்டடம். 1897-ல் முடிந்த அரசு அலுவலகம். முதலில் ஏ.சி. நார்மன் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் ஒரு வரைபடம் கொடுத்தார். சிலாங்கூரின் அரசுப் பொறியாளர் சார்லஸ் ஸ்பூனர் அதை ஏற்கவில்லை. இஸ்லாமியப் பாணி வேண்டும் என்றார். ஆர்.ஏ.ஜே. பிட்வெல் அந்தப் பாணியில் மாற்றி வரைந்தார். இளைஞராக வந்து சேர்ந்த ஹப்பாக்கும் அந்த வேலையில் இருந்தார்.

ஸ்பூனர்தான் இந்தக் கதையின் முக்கிய ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. மலாயாவுக்கு வருமுன் அவர் பல வருடங்கள் இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். பிறகு 1901-ல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் ரயில்வேயின் பொது மேலாளரானார். அரசு அலுவலகத்துக்கு எந்த உடை என்று முடிவு செய்தவரே ரயில்வேக்கும் தலைவர்! புதிய நிலையம் திறப்பதைப் பார்க்க அவர் இல்லை, 1909-லேயே இறந்துவிட்டார்.

அந்த உடை ஏன்? இந்த மாநிலங்களை பிரிட்டன் நேரடியாக ஆண்டதாகக் காகிதத்தில் இல்லை. சுல்தான் ஆள்கிறார், ரெசிடென்ட் என்கிற பிரிட்டிஷ் அதிகாரி ஆலோசனை சொல்கிறார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும். வெளியே சுல்தான், உள்ளே ரெசிடென்ட் என்கிற அந்த ஏற்பாட்டுக்கு, வெளியே குவிமாடமும் உள்ளே பிரிட்டிஷ் அலுவலகமுமாக ஒரு கட்டடம் எவ்வளவு வசதி! முஸ்லிம் மன்னர்களின் நாட்டுக்கு இஸ்லாமியத் தோற்றம் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு, கையில் தயாராக இருந்தது, இந்திய-இஸ்லாமிய அலங்காரத்தை பிரிட்டிஷ் கட்டடத்துக்கு மாட்டிவிடும், இந்தியாவில் பழகிய இந்தோ-சாரசெனிக் பாணி. அதை அப்படியே கப்பலேற்றிவிட்டார்கள். எழும்பூர் நிலையம் 1908-ல் திறந்தது, ஹென்றி இர்வின் வரைந்தது. அதன் குவிமாடங்களுக்கும் தமிழ்நாட்டுக் கட்டடக் கலைக்கும் இருக்கிற உறவுதான் இந்தச் சத்ரிகளுக்கும் மலாய் வீட்டுக்கும்.

மாலையில் நிலையத்துக்கே திரும்பி வந்தபோது நல்ல மழை. ஒதுங்கி நின்ற இடத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முகப்பின் உச்சியில் கைப்பிடிச் சுவர் ஓடுகிறது, கூரை அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அத்தாப்புக் கூரை மழையைச் சுவருக்கு வெளியே தள்ளிக் கொட்டிவிடும். இங்கே தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, குழாய் வழியாக இறங்க வேண்டும். குழாயில் இலை அடைத்தால் போச்சு. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. காரைப் பூச்சுச் சுவரில் எங்கே நீர் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். விளிம்புகளுக்கு அடியிலும், சத்ரியின் அடிப்பகுதி சுவரோடு சேரும் இடத்திலும் கறுப்புப் பாசிக் கோடு இறங்கியிருக்கும். வெள்ளை அடித்து ஒரு மழைக்காலம் போனால் திரும்ப வந்துவிடும்.

நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், ரயில்வே தலைமையகத்தைத் தாண்டினால் தேசியப் பள்ளிவாசல். 1965-ல் கட்டியது. விடுதலைக்குப் பிறகு தாங்களே முடிவெடுக்கும் நிலை வந்தபோது, பெரிய கூரைக்குக் குவிமாடம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். விரித்த குடைபோல மடிப்பு மடிப்பாக ஒரு கூரை.

மூன்றாம் நாள்: பிரிக்ஃபீல்ட்ஸ், பிறகு ஈப்போ

காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை. இங்கே ரயில்வே ஊழியர்களுக்காகக் காலனியக் காலத்தில் கட்டிய நூறு வீட்டுக் குடியிருப்பு இருந்தது, இடித்துவிட்டார்கள். கலப்பு பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் வளைவோடும் குவிமாடத்தோடும் நின்றுவிடுகின்றன. மனிதர்களும் இந்தக் கலப்பில் ஒரு பகுதிதான். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்டது, சுமார் 13 கிலோமீட்டர். அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்கிற தொழிலாளர் படையைக் கொண்டுவந்தார்கள். பிறகு பாதை வேலைக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், எழுத்தர் வேலைக்கும் நிலைய அதிகாரி வேலைக்கும் யாழ்ப்பாணத் தமிழர்கள். அந்த மூரிஷ் வளைவுக்குக் கீழே கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பல சமயம் யாழ்ப்பாணத்துக்காரர். சத்ரி வந்த வழியும் அவர் வந்த வழியும் வேறல்ல, இரண்டும் பேரரசுக்குள்ளேயே ஒரு காலனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவை.

ஈப்போவுக்கு மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரம். நிலையம் 1917-ல் முடிந்தது. அதுவும் ஹப்பாக். ஆனால் இறங்கி வெளியே வந்து பார்த்தால் குதிரை லாடமும் இல்லை, சத்ரியும் இல்லை. எட்வர்டு மன்னர் காலத்து ஆங்கிலேய பரோக். செவ்வியல் தூண்கள், அரைவட்ட வளைவுகள், நடுவில் ஐரோப்பியக் குவிமாடம். எதிரே இருக்கும் டவுன் ஹாலும் அவருடையதுதான், அதுவும் இதே ஜாதி. வேடிக்கை என்னவென்றால் ஊர்க்காரர்கள் இந்த நிலையத்துக்கு வைத்த பட்டப்பெயர் ஈப்போவின் தாஜ்மகால். வெள்ளையாக ஒரு குவிமாடம் இருந்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பார்ப்பவர்களும் தங்கள் பங்குக்குக் கலக்கிவிடுகிறார்கள், அதை எந்தக் கட்டடக் கலைஞராலும் தடுக்க முடியாது.

அலங்காரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த நிலையத்தின் நிஜமான விஷயம் முகப்பு நெடுக ஓடும் வராண்டா. 183 மீட்டர் நீளம். மேலே இருந்த மெஜஸ்டிக் ஹோட்டலின் பெருமையே அதுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முகப்பு ஊரைப் பார்த்து, கிழக்கே நிற்கிறது. ஆகவே காலை வெயில்தான் எதிரி. மலேசியக் கடிகாரம் வெயிலைவிட முன்னால் ஓடுவதால், இங்கே உச்சிப்பொழுது ஒன்றேகால் மணி வாக்கில்தான் வரும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது காலை பத்தேகாலுக்கு, சூரியன் ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில் இருக்கும். கணக்குக்கு வராண்டாவின் ஆழம் 2.5 மீட்டர், வளைவுத் திறப்பின் உயரம் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 டிகிரியில் வெயில் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு கீழே இறங்கும். திறப்பின் உச்சியில் நுழைகிற கதிர் 2.5 மீட்டர் உள்ளே போவதற்குள் 2.5 மீட்டர் இறங்கிவிடுகிறது. உட்சுவரில் அடி ஒரு மீட்டர்தான் வெயில் படும். ஒன்பதேகாலுக்குச் சூரியன் 30 டிகிரியில். அப்போது கதிர் 1.4 மீட்டர்தான் இறங்கும், சுவரில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு வெயில் ஏறும். பத்தரைக்கு மேல் அறைச்சுவர் ஏறக்குறைய நிழலில். அதற்கு முந்தைய நேரத்துக்கு மூங்கில் தட்டியைத் தொங்கவிட வேண்டியதுதான். திறப்பு வளைவாக இருப்பதால் ஓரங்களில் உயரம் குறைவு, அங்கே நிழல் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

கோலாலம்பூர் முகப்பு மேற்கே பார்ப்பது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மாலை நாலேகாலுக்குப் பிறகு வெயில் உட்சுவரில் ஒரு மீட்டரைத் தாண்டி ஏறத் தொடங்கும். வளைவு குதிரை லாடமா அரைவட்டமா என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஆழமும் உயரமும்தான் வருகின்றன. மலாய் வீட்டின் முன்திண்ணையும், கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையும், ஐரோப்பியரின் பங்களா வராண்டாவும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் இந்த ஆழம். யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்துபோனது, என் கணக்கில், இது ஒன்றுதான்.

நான்காம் நாள்: கோலகங்சார்

இரவு முழுக்க ஒரு சந்தேகம். ஈப்போவில் ஹப்பாக் பாணியை மாற்றிக்கொண்டது வெறும் நாகரிக மாற்றமாக இருக்கலாம் அல்லவா? 1910-ல் சத்ரி பிடித்திருந்தது, 1917-ல் அலுத்துவிட்டது, அவ்வளவுதானோ?

அதற்குப் பதில் ஈப்போவுக்கு வடக்கே, பேராக் சுல்தானின் அரச நகரத்தில் இருக்கிறது. உபுதியா பள்ளிவாசல். பெரிய பொன்னிறக் குவிமாடம், சுற்றிலும் மினார்கள். 1913-ல் தொடங்கி 1917-ல் முடித்தது. ஆம், ஹப்பாக்தான். ஈப்போ நிலையம் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே மாநிலத்தில். (இடையில் இரண்டு யானைகள் சண்டையிட்டு, இறக்குமதி செய்த இத்தாலியப் பளிங்கை மிதித்து உடைத்துவிட்டன. மறுபடி தருவிக்க வேண்டியதாயிற்று.) ஆகவே அலுப்பு இல்லை. யாருக்குக் கட்டுகிறோம் என்று பார்த்து உடையைத் தேர்ந்திருக்கிறார்கள். அரச நகரத்துப் பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் மினாரும். ஈப்போ அரச நகரம் அல்ல, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயப் பணத்தில் வளர்ந்த ஊர். சீன முதலாளிகளும் ஐரோப்பியச் சுரங்கக் கம்பெனிகளும் நடமாடிய தெருவுக்கு அந்தஸ்தான ஆங்கிலேய முகப்பு. இது என் ஊகம்தான், ஆனால் யானைகள் நீங்கலாக எல்லாம் பொருந்துகிறது.

ஐந்தாம் நாள்: ஜார்ஜ் டவுன்

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகு ஏறினேன். பினாங்குத் தீவின் கரையில், வெல்ட் கீ சாலைப் பக்கம், மணிக்கூண்டோடு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். இதுவும் ஹப்பாக் வரைந்த ரயில் நிலையம். ஈப்போவுக்குப் பல வருடங்கள் முந்தியது, கோலாலம்பூர் நிலையம் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தது. ஆனால் பாணி ஆங்கிலேயம். பினாங்கு நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்த குடியேற்றம். இங்கே யாருடைய பெயரிலும் ஆள்வதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை, குவிமாட வேஷமும் தேவைப்படவில்லை.

இந்த நிலையத்தில் ஒரே ஒரு குறை. ரயில் கிடையாது. அந்தக் காலத்தில் தண்டவாளம் கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் நின்றுவிட்டது. பயணிகள் இங்கே டிக்கெட் வாங்கி, ரயில்வேயின் படகில் ஏறி, அக்கரையில் ரயிலைப் பிடித்தார்கள். பிளாட்பாரம் இல்லை, இரும்புக் கூரை இல்லை. முகப்பு, கடிகாரம், கவுன்ட்டர், அலுவலகம், அவ்வளவே. கோலாலம்பூரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதிகளில் ஒரு பாதியைத் தனியே பிரித்து வைத்தது போல இருக்கிறது. இப்போது சுங்கத் துறை அலுவலகம்.

அதனால் கட்டுரையை இங்கிருந்தே தொடங்கப் போகிறேன். முதல் பகுதி, ரயில் இல்லாத நிலையம்: முகப்பு வேறு, ரயில்வே வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அடுத்து கோலாலம்பூரை அடுக்கடுக்காகப் பிரிப்பது: இரும்புக் கூரையும் தள அமைப்பும் பிரிட்டன், தோல் வட இந்தியாவும் மூரிஷும், மலாய் எங்கே இல்லை என்பது. மூன்றாவதாக ஸ்பூனரும் ரெசிடென்ட் முறையும். அப்புறம் ஈப்போவையும் உபுதியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. வராண்டாக் கணக்கும் பாசிக் கோடும் ஐந்தாவது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைசி, ஆனால் அதைத் தனிப் பகுதியாகத் தள்ளிவைக்காமல் ஸ்பூனரோடு சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன், இலங்கை வழி இரண்டுக்கும் ஒன்றுதானே.

ஒரு ஓட்டை இருக்கிறது. மலாய் மாநிலமென்றால் குவிமாடம், முடியாட்சிக் குடியேற்றமென்றால் பரோக் என்று எழுதினால் வாக்கியம் அழகாக இருக்கும். ஈப்போ அதை உடைத்துவிடும், அது மலாய் மாநிலத்து ஊர். மாநிலத்தை வைத்துப் பிரிக்காமல், வாசலில் வந்து நிற்கப்போவது யார் என்பதை வைத்துப் பிரித்தால்தான் மூன்று நிலையங்களும் ஒரே விளக்கத்துக்குள் அடங்குகின்றன.